டிக்கெட் ரத்து: எபிக்கை எங்கே வெட்டுவது?

“பயணி தன் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.” பஸ் முன்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்கும் குழுவின் வேலைப் பட்டியலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிக்க ஒரே வரிதான். உள்ளே போனால் கிளை பிரிந்துகொண்டே போகும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் எவ்வளவு? நான்கு பேரில் ஒருவர் மட்டும் வரவில்லையென்றால்? பஸ்ஸையே நிறுத்திவிட்டால்? இவ்வளவு பெரிய வேலையைத்தான் மென்பொருள் துறையில் எபிக் என்கிறார்கள்.

ஸ்க்ரம் முறையில் வேலை நடப்பது ஸ்பிரிண்ட் எனும் குறுகிய தவணைகளில். ஒரு ஸ்பிரிண்ட் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது; பல குழுக்கள் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்கின்றன. தவணை முடியும்போது பயன்படுத்தத்தக்க ஒன்று கையில் இருக்க வேண்டும். அதனால் எபிக்கைச் சிறு சிறு யூசர் ஸ்டோரிகளாக வெட்டுகிறார்கள். எந்தப் பக்கமாக வெட்டுவது என்பதில்தான் குழுக்கள் தடுமாறுகின்றன.

வழக்கமான தவறு இது: டேட்டாபேஸ் டேபிள் ஒரு ஸ்டோரி, சர்வர் பக்க ஏபிஐ ஒன்று, மொபைல் ஸ்கிரீன் ஒன்று, டெஸ்டிங் ஒன்று. ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்க வசதியாக இருக்கும். ஆனால் முதல் ஸ்பிரிண்ட் முடிவில் டேபிள் மட்டுமே இருக்கும். டெமோவில் காட்ட எதுவும் இருக்காது. மூன்றாவது ஸ்பிரிண்டில் ஸ்கிரீன் தயாராகும்போதுதான், ‘ரத்து செய்’ என்பதை அழுத்துவதற்கு முன்பே பிடித்தத் தொகையைப் பயணிக்குக் காட்ட வேண்டும் என்பது தெரியவரும். ஏபிஐயோ ரத்தான பிறகுதான் தொகையைச் சொல்லும். முடிந்ததாகக் கணக்கு வைத்த வேலையை ஒரு மாதம் கழித்துத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

சரியான வெட்டு மேலிருந்து கீழாக, எல்லா அடுக்குகளையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் போகும். புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்பது அந்த நிறுவனத்தின் விதி என்று கொள்வோம். அப்போது முதல் ஸ்டோரி இப்படி அமையலாம்: “ஒருவர் மட்டும் பயணிக்கும் டிக்கெட்டை, 24 மணி நேரத்துக்கு முன்பாகப் பயணியே செயலியில் ரத்து செய்யலாம்.” மற்றவர்களுக்கு ‘வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள்’ என்ற செய்தி வரும். ரத்தான டிக்கெட்டுகளின் பட்டியல் தினமும் கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்குள்ளவர்கள் பணத்தைக் கையாலேயே திருப்பி அனுப்புவார்கள். அழகான ஏற்பாடு அல்ல. ஆனாலும் இரண்டு வாரத்தில் உண்மையான பயணி ஒருவர் உண்மையான டிக்கெட்டை ரத்து செய்துவிட முடியும்.

அடுத்த துண்டுகள் இதன்மேல் ஏறும். பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் தானாகத் திரும்புவது ஒன்று. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பிடித்தம் என்பது ஒன்று. குடும்ப டிக்கெட்டில் ஒருவரை மட்டும் நீக்குவது இன்னொன்று. வரிசையை பிராடக்ட் ஓனர் முடிவு செய்வார். குடும்ப டிக்கெட் பற்றியே அழைப்புகள் குவிந்தால் அதுதான் முதலில் வரும். இப்படி எங்கெல்லாம் வெட்டலாம் என்பதற்கு மைக் கோன் ஐந்து வழிகளைச் சொல்கிறார்: முன்னாய்வு, பயனர் செல்லும் பாதை, இடைமுகம், தரவு, விதி. மேலே உள்ள முதல் ஸ்டோரி விதியிலும் தரவிலும் வெட்டப்பட்டது.

மெலிசாக வெட்டுவதற்கும் எல்லை உண்டு. ‘ரத்து பட்டன் சேர்க்க வேண்டும்’ என்பது ஸ்டோரியே அல்ல. அதை அழுத்தினால் எதுவும் நடக்காது. சில வேலைகளை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளவும் கூடாது. ரத்தான இருக்கை உடனே மறுபடி விற்பனைக்கு வராவிட்டால் பஸ் காலி இருக்கையோடு ஓடும். நெட்வொர்க் மந்தமாகி, பயணி இரண்டு முறை தட்டினால் பணம் இரண்டு முறை போய்விடக் கூடாது. இவை இரண்டும் முதல் துண்டிலேயே இருந்தாக வேண்டும்.

வெட்டு சரியில்லை என்பதைப் பலகையே காட்டிக்கொடுக்கும். ஸ்பிரிண்ட் முடிய இரண்டு நாள் இருக்கையில் அட்டைகள் எல்லாம் ‘நடந்துகொண்டிருக்கிறது’ பத்தியிலேயே நின்றால், துண்டுகள் பெரிதாக இருக்கின்றன அல்லது ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. தலைப்பிலேயே ‘மற்றும்’ இருந்தால் அது பெரும்பாலும் இரண்டு ஸ்டோரி. திட்டமிடும் கூட்டத்தில் ஒவ்வொரு அட்டைக்கும் ‘இதை டெமோவில் யார், என்ன செய்து காட்டப்போகிறார்கள்?’ என்று கேளுங்கள். பதில் வராத அட்டையை ஸ்பிரிண்டுக்குள் எடுக்காதீர்கள்.