கண்ட ரஜ்ஜுவும் கண்டறிந்த குணமும்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வட்டாரத்தில் வரன் பேசத் தொடங்கியதும் முதலில் கைமாறுவது ஜாதக நகல்தான். "மற்றதெல்லாம் பொருந்துகிறது, ரஜ்ஜு தட்டுகிறது" என்று பதில் வந்தால், பெரும்பாலான வீடுகளில் பேச்சு அத்துடன் நின்றுவிடும். அண்மையில் என் உறவுப் பெண் ஒருத்திக்கும் அதுவே நேர்ந்தது. அவள் திருவாதிரை, உடன் பணிபுரியும், அவள் இரண்டாண்டுகளாக அறிந்த இளைஞர் ரோகிணி.

கணக்கைப் பார்ப்போம். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரம்வரை எண்ணினால் 26. அதை 9ஆல் வகுத்தால் மீதி 8. ஆகவே தினப் பொருத்தம் உண்டு. இருவரும் மனுஷ கணம். எண்ணிக்கை 13ஐத் தாண்டுவதால் ஸ்திரீ தீர்க்கமும் உண்டு. வேதை இல்லை. ஆனால் இரண்டு நட்சத்திரங்களும் கண்ட ரஜ்ஜு. "கழுத்து ரஜ்ஜு ஒன்றானால் மனைவிக்கு ஆகாது" என்று அவளுடைய பெரிய மாமா உறுதியாக மறுத்துவிட்டார். வேறொரு ஜோதிடரோ, ரோகிணி ஏறுமுகம், திருவாதிரை இறங்குமுகம், ஆகவே தோஷம் இல்லை என்றார். ஒரே விதிக்கு இரண்டு தீர்ப்புகள்!

ரஜ்ஜுவில் 27 நட்சத்திரங்களும் ஐந்து பிரிவுகளாக நிற்கின்றன. சிரசில் மூன்று, மற்ற நான்கிலும் ஆறு ஆறு. குறிப்பின்றி எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் ஒரே ரஜ்ஜுவில் விழும் வாய்ப்பு 729க்கு 153, அதாவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம். ஜாதகமே பார்க்காமல் மணந்தோரிலும் ஐந்தில் ஒரு பங்கினர் இப்படித்தான் இருப்பார்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அந்த ஒரு நாளில் பிறந்த அத்தனை பேருக்கும் நட்சத்திரம் ஒன்றே. அவர்களில் பொறுமைசாலியும் இருப்பார், முன்கோபியும் இருப்பார்.

பிறந்த நேரம் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில், கல்வராயன் மலை ஊர்களில் நேரத்தைக் குறித்துவைத்தவர்கள் அரிது. பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதியே பிறந்தநாளாகிவிட்டதும் உண்டு. தேதி ஒருநாள் தவறினால் நட்சத்திரமே மாறும். குறிப்பு இல்லாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பெயர் வைத்தவர் நட்சத்திரம் பார்த்து வைத்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

அதற்காகப் பெரியவர்கள் சொல்வதை முழுதும் தள்ளிவிட முடியாது. அவர்களின் ஆலோசனையில் கணக்கும் விசாரிப்பும் கலந்திருக்கின்றன. மலையாளிப் பழங்குடியினர் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பரிசம் பேசி முடிப்பது பழைய வழக்கம். அங்கு மாப்பிள்ளையைச் சிறுவயது முதலே பார்த்தவர்கள் இருப்பார்கள். அது சாட்சியம். "பொருத்தம் இல்லை" என்பது சில வேளைகளில் வேறு தயக்கத்தை மறைக்கும் மரியாதையான சொல்லாகவும் இருக்கும். ஆகவே மாமாவிடம் நான் ஒன்றே கேட்டேன்: "ரஜ்ஜு தட்டாவிட்டால் பெண்ணைக் கொடுப்பீர்களா?" சற்று யோசித்து, "பையன் குடும்பத்தில் கடன் இருப்பதாகக் கேள்வி" என்றார். இதுதான் விசாரிக்கத்தக்க விஷயம்.

பெண்ணிடமும் கேட்க வேண்டியது இருந்தது. அவள் சொன்னவற்றில் நேரில் பார்த்தது எது, அவர் சொல்லக் கேட்டது எது? சம்பளம் தாமதமான மாதத்தில் அவர் யார்மீதும் எரிந்து விழவில்லை; தாம் கேட்ட ஒன்றை அவள் மறுத்தபோது மறுநாளும் முகம் மாறாமல் பேசினார். இவை அவள் பார்த்தவை. "குடிப்பதில்லை" என்பது அவர் சொன்னது. காதலிக்கும் காலத்தில் மாலை ஆறு மணிக்குமேல் ஒருவர் எப்படி இருப்பார் என்று தெரிய வழியில்லை.

இந்த ஊரில் அதை லேசாக விட முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பல பெண்கள் கணவரை இழந்தார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பதற்குப் பத்துப் பொருத்தத்தில் இடமே இல்லை.

எனவே வேலையைப் பங்கிட்டோம். மாமா அவருடைய ஊருக்குப் போய் அக்கம்பக்கத்திலும் தேநீர்க் கடையிலும் விசாரித்தார். பெண் கடனைப் பற்றி நேரே கேட்டாள். தங்கையின் திருமணத்துக்கு வாங்கியது என்று ஒப்புக்கொண்டு, வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். தவணைகள் தவறாமல் கட்டப்பட்டிருந்தன. குடியைப் பற்றி ஊரில் எவரும் குறை சொல்லவில்லை. மாமாவுக்கு ரஜ்ஜுவில் இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் தை மாதத்தில் நிச்சயதார்த்தம் வைக்க நாள் பார்த்துக் கொடுத்தவர் அவரேதான்.