சப்பாத்தி ஒரு பக்கம் கருகுது, மறுபக்கம் வேகலையா? ரொட்டி மேக்கரின் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் 59-ம் 118-ம்

கீழ்ப்பக்கம் கரும்புள்ளி, மேல்பக்கம் பச்சை மாவு. ரொட்டி மேக்கர் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. சில நாள் சூடே ஏறாது, அடுத்த நாள் தானாகச் சரியாகிவிடும். "மெஷின் போச்சு" என்று பரண் மேல் தூக்கிப் போடுவதற்கு முன், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்கு 2 துண்டு பிரெட்டும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

சந்தையில் கிடைக்கும் பல ரொட்டி மேக்கர்கள் 900 வாட் அளவிலானவை. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எலிமென்ட், அதாவது சூடேறும் கம்பிச்சுருள். கீழ்த்தட்டின் அடியில் தெர்மோஸ்டாட் ஒட்டி நிற்கும். தட்டு போதிய அளவு சூடானதும் கரண்ட்டைத் துண்டிப்பதும், ஆறியதும் மறுபடி இணைப்பதும் இதன் வேலை. தெர்மோஸ்டாட் பழுதாகி சூடு எல்லை மீறினால், தெர்மல் ஃபியூஸ் ஒரே ஒரு முறை அறுந்து மெஷினை நிறுத்திவிடும்.

மேல்தட்டுக்குப் போகும் வயர் கீல் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு சப்பாத்திக்கும் மூடி ஒரு முறையாவது ஏறி இறங்கும், அந்த வயரும் கூடவே மடங்கி நிமிரும். அத்துடன் சூடும் சேர்ந்துகொள்ள, உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். மேல்தட்டு மட்டும் சூடாகாமல் போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

முதலில் பிரெட் சோதனை

மூடியை மூடி, 7 நிமிடம் சூடாக்குங்கள். ஒரு பிரெட் துண்டை வைத்து லேசாக மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். கீழ்ப்பக்கம் பொன்னிறமாகவும் மேல்பக்கம் வெள்ளையாகவும் இருந்தால், மேல் எலிமென்ட்டுக்குக் கரண்ட் போகவில்லை. இரண்டு பக்கமும் நிறம் மாறி, நடுவிலோ ஓரத்திலோ மட்டும் திட்டாக வெள்ளை இருந்தால் கரண்ட்டில் பிரச்சினை இல்லை. எலிமென்ட்டைத் தட்டோடு இறுக்கிப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். இடைவெளி விழுந்த இடத்தில் சூடு தட்டுக்கு இறங்காது.

இரண்டு பக்கமும் சமமாக, ஆனால் வெளுப்பாக இருந்தால்? அப்போது மெஷினை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வோல்டேஜைப் பாருங்கள்.

இரவில் மட்டும் வேகலையா?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் இருக்கும் பெருநகர் போன்ற ஒரு ஊரில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி 8 மணிக்கு எல்லா வீட்டிலும் ஃபேன், டிவி, மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்குகிறது. குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் சூடு குறைவது அதே அளவில் இல்லை. வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப எலிமென்ட்டின் சூடு மாறும். அதனால் 900 வாட் மெஷின் சுமார் 550 வாட் மெஷினாகிவிடும். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு சூடு காணாமல் போய்விடும்.

அதே மெஷின், அதே மாவு, காலை 6 மணிக்கு நன்றாக வேகிறது என்றால் மெஷினில் பழுது இல்லை. அதைப் பிரித்துப் பார்த்துப் பயனும் இல்லை. இரவில் சில நிமிடங்கள் கூடுதலாகச் சூடாக்கினால் வேலை நடந்துவிடும். தினமும் இதே கதை என்றால் மின்வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டியதுதான்.

மல்டிமீட்டர் சொல்லும் எண்

வோல்டேஜ் சரி, ஆனாலும் சூடு இல்லை என்றால் அடுத்தது இது. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, மெஷின் முழுதாக ஆறும் வரை காத்திருங்கள். சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கும், மீட்டர் தப்பாகக் காட்டும். மெஷினில் சுவிட்ச் இருந்தால் ஆன் செய்து, மீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் இரண்டு சிறிய பின்களையும் தொடுங்கள்.

900 வாட் மெஷினில் இரண்டு தட்டுக்கும் தலா 450 வாட், இரண்டும் இணையாக இணைக்கப்பட்டவை என்றால், மீட்டர் சுமார் 59 ஓம் காட்ட வேண்டும். 118 பக்கம் காட்டினால் ஒரு தட்டு மட்டுமே வேலை செய்கிறது. மீட்டரில் `OL` என்று வந்தால் பாதை முழுதாகவே அறுந்திருக்கிறது. கார்டு, தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். சில மாடல்களில் இரண்டு எலிமென்ட்டும் தொடராக இருக்கும். அவற்றில் ஒரு தட்டின் வயர் அறுந்தாலும் இரண்டுமே நின்றுவிடும்.

மீட்டரைப் பின்னிலேயே வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். எண் 59-க்கும் 118-க்கும் தாவினால் கீலில் இருக்கும் வயர் அறுந்திருக்கிறது. "ஒரு நாள் வேலை செய்யுது, ஒரு நாள் செய்யலை" என்பதன் ரகசியம் இதுதான். `OL` காட்டும் மெஷினில், கார்டைப் பிளக் அருகிலும் மெஷினுக்குள் நுழையும் இடத்திலும் மடக்கிப் பாருங்கள். எண் வந்து வந்து போனால் கோளாறு கார்டில். மெஷின் ஆறும் முன்பே கார்டை அதைச் சுற்றி இறுக்கி வைக்கும் வீடுகளில் இந்த இரண்டு இடங்களும்தான் முதலில் போகும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை

வாரண்டி இருந்தால் பிரிக்காதீர்கள், சர்வீஸ் சென்டருக்கே அனுப்புங்கள். இல்லையென்றால் பக்கத்து எலக்ட்ரீஷியனே சரிசெய்யலாம். ஆனால் கீல் வயருக்குப் பதிலாக வீட்டு வயரிங்கில் போடும் சாதாரண பிவிசி வயரைப் போடக்கூடாது, அந்தச் சூட்டில் உருகிவிடும். சிலிக்கான் அல்லது கண்ணாடி நார் உறை போட்ட, சூடு தாங்கும் வயர் வேண்டும். ஈய சால்டரிங்கும் இன்சுலேஷன் டேப்பும் அங்கே நிற்காது. உலோகக் குழாயில் வைத்து நசுக்கும் கிரிம்ப் இணைப்புதான் சரி.

தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால் "டைரக்டா கொடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே வெப்ப அளவுள்ள புது ஃபியூஸ் போட வேண்டும். அது ஏன் அறுந்தது என்றும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் சூடு நிற்காமல் ஏறும், புது ஃபியூஸும் போய்விடும்.

கடைசிச் சோதனை எர்த்

மெஷினை மூடிக் கொண்டுவந்ததும் உடனே மாவை எடுக்க வேண்டாம். பிளக்கின் பெரிய பின்னையும் தட்டின் வெறும் உலோகத்தையும் மீட்டரால் தொடுங்கள். நான்-ஸ்டிக் பூச்சு கரண்ட்டைக் கடத்தாது, அதனால் திருகுத் தலையைத் தொடுவது நல்லது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். சிறிய பின் ஒவ்வொன்றுக்கும் தட்டுக்கும் இடையே `OL` காட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், அறுந்த வயர் தட்டில் படும்போது ஷாக் அடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் வயர் இருக்கிறதா என்பதையும் அதே எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் துளை மட்டும் இருக்கும், வயர் இருக்காது.