தலைவலி யாருக்கு, எத்தனை நாளாக?

“தலைவலிக்கு ஒரு மாத்திரை குடுங்க.” மருந்துக்கடையில் இப்படிக் கேட்டால் அரை நிமிடத்தில் மாத்திரை கைக்கு வந்துவிடும். யாருக்கு வலி, வயது என்ன, எத்தனை நாளாக என்று கடைக்காரர் விசாரிப்பது அபூர்வம். விசாரித்தால் பின்னால் நிற்பவருக்குப் பொறுமை இருக்காது.

வலி 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு என்று வைத்துக்கொள்வோம். பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் கணக்கு. அதாவது 200 முதல் 300 மில்லிகிராம். அப்பா வழக்கமாகப் போடும் 650 மாத்திரை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆஸ்பிரின் என்றால் வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ‘ரே’ நோய் அரிதாக வருவதுண்டு.

தலைவலியோடு இரண்டு நாளாகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாலும் வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

இவற்றைவிடச் சிக்கலானது, ‘எத்தனை நாளாக’ என்ற கேள்வி. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி. முதலில் மாதத்துக்கு இரண்டு முறை மாத்திரை போட்டார். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், இப்போது நான்கு நாள். வலி வரப்போகிறதோ என்ற பயத்திலேயே ஆபீஸ் கிளம்பும்முன் ஒன்று போட்டுக்கொள்கிறார். கைப்பையில் எப்போதும் ஒரு அட்டை. அவர் கடையில் கேட்பது, “இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்கா?”

அவருக்கு வலியைத் தருவது இப்போது அந்த மாத்திரையாகவே இருக்கலாம். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மருந்தே தலைவலியை வளர்க்கும். அளவு மீறாமல் போட்டாலும் இது வரும், நாள்கணக்குதான் முக்கியம். சிகிச்சை, மாத்திரையை நிறுத்துவது. நிறுத்தியதும் சில நாள் வலி முன்பைவிட அதிகமாகும். பலர் அந்தக் கட்டத்தில்தான் மறுபடி அட்டையைப் பிரிக்கிறார்கள். அதனால் மருத்துவர் மேற்பார்வையில், தேவைப்பட்டால் தடுப்பு மருந்தோடு நிறுத்துவது நல்லது. வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு இதுவரை இல்லாத தலைவலி புதிதாக வந்தால் கணக்கே வேறு. தலை வாரும்போது நெற்றிப்பொட்டுப் பக்கம் தொட்டாலே வலிக்கிறது, மெல்லும்போது தாடை கடுக்கிறது என்றால் அங்குள்ள ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அது கண்ணுக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடக்கூடும். மருத்துவருக்குச் சந்தேகம் வலுத்தால், திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்; போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.