வைரஸ் உண்டு, செல்களில் மாற்றமில்லை

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை செய்துகொள்ளும் பெண்களில் சிலருக்கு முடிவு இரண்டு வரிகளில் வருகிறது. எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது என்பது முதல் வரி. செல்களில் மாற்றம் எதுவும் இல்லை என்பது இரண்டாவது. முதல் வரியோடு நின்று, புற்றுநோய் வந்துவிட்டதென்று கலங்கிப்போகிறவர்கள் உண்டு. இரண்டாவது வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையை அலமாரியில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்த முடிவு புற்றுநோயைக் குறிப்பதில்லை. ஆனால் குறித்த காலத்தில் இன்னொரு முறை பார்த்தாக வேண்டும் என்று அது சொல்கிறது.

இரண்டு வரிகளும் ஒரே மாதிரியிலிருந்துதான் வருகின்றன. இங்கிலாந்தில் நடக்கும் முறையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அங்கே 25 முதல் 64 வயது வரையுள்ள பெண்களுக்கு அரசு மருத்துவச் சேவையே அழைப்புக் கடிதம் அனுப்புகிறது. செவிலியர் சிறு தூரிகையால் கருப்பைவாயை மெல்லத் தடவிச் செல்களை எடுத்து, ஒரு குப்பியில் உள்ள திரவத்தில் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். ஆய்வகம் முதலில் தேடுவது வைரஸைத்தான். அது இல்லையென்றால் வேலை அங்கேயே முடிந்தது. செல்களை யாரும் பார்ப்பதில்லை, அடுத்த அழைப்பு 5 ஆண்டு கழித்துத்தான். வைரஸ் இருந்தால் மட்டுமே அதே குப்பியிலிருந்து செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். செல்களில் மாற்றம் தெரிந்தால் அந்தப் பெண் நேராக கால்போஸ்கோபி பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். மாற்றம் இல்லையென்றால் 12 மாதம் கழித்து மறுபரிசோதனை.

ஏன் இத்தனை நிதானம் என்பதற்கு வைரஸின் இயல்பே காரணம். எச்.பி.வி.யில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் சுமார் 14 வகைகளைத்தான் இந்தப் பரிசோதனை தேடுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை அவை. அந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் பொறுப்பு 16, 18 என்ற இரண்டே வகைகள். உடலுறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலானோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் தொற்றிவிடுகிறது. காய்ச்சலோ வலியோ இல்லாமல் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கியும் விடும். வந்தது தெரியாமல், போனதும் தெரியாமல் போய்விடுகிறது.

மீதமுள்ள சிலரிடம்தான் சிக்கல். அவர்களுடைய கருப்பைவாய்ச் செல்களில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் உண்டாக்கும் இரண்டு புரதங்கள், செல் தாறுமாறாகப் பெருகாமல் காக்கும் கட்டுப்பாடுகளைச் செயலிழக்கச் செய்கின்றன. முதலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றும். அவற்றைக் கவனிக்காமல் விட்டால், அவற்றுள் ஒரு பகுதி புற்றுநோயாக மாறும். தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக, பெரும்பாலும் 10 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

ஆகவே ஆபத்து வைரஸ் வந்ததில் இல்லை, தங்கிவிட்டதில் இருக்கிறது. வைரஸ் இன்று இருக்கிறதா என்பதை ஒரு பரிசோதனை சொல்லிவிடும். அது போன மாதம் வந்ததா, ஐந்து ஆண்டாக இருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. போதிய இடைவெளி விட்டு மறுபடி பார்த்தால்தான் தங்கியதா என்பது தெரியும். மூன்றே மாதத்தில் மறுபரிசோதனை கேட்பவர்கள் உண்டு. அந்த அவசரத்தால் பயனில்லை. உடல் வைரஸை அடக்க அது போதாத காலம். மறுபடியும் ‘இருக்கிறது’ என்ற முடிவே வரலாம், கவலைதான் கூடும். வழக்கமான 5 ஆண்டு வரை காத்திருப்பதும் சரியல்ல. மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்ப்பவர் மனிதர்; தூரிகையில் வந்த செல்களும் கருப்பைவாயின் ஒரு பகுதியே. சிறிய மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். 12 மாதம் என்பது இந்த இரண்டு அபாயங்களுக்கும் நடுவே வகுத்த இடைவெளி.

34 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த முடிவு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு கழித்து மறுபடி மாதிரி எடுக்கிறார்கள். வைரஸ் இல்லையென்றால் அவர் வழக்கமான அழைப்பு முறைக்குத் திரும்பிவிடுகிறார். வைரஸ் இருந்து, செல்கள் இன்னும் மாறாமல் இருந்தால் மேலும் 12 மாதம். இடையில் எந்த முறை செல் மாற்றம் தெரிந்தாலும் உடனே கால்போஸ்கோபி. மூன்றாவது முறையும் வைரஸ் இருந்தால் செல்கள் எப்படி இருந்தாலும் கால்போஸ்கோபிக்கு அனுப்பிவிடுவார்கள்; இரண்டு ஆண்டு தாண்டியும் போகாத வைரஸ் தங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். முதல் இரண்டு முறை ‘செல்கள் நன்றாக இருக்கின்றன’ என்று கேட்ட பெண், மூன்றாம் முறை போகாமல் விட்டுவிடக்கூடும். விடக்கூடாத முறை அதுதான்.

கால்போஸ்கோபி என்பது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயை நேரடியாகப் பார்ப்பது. கருவி உடலுக்குள் போவதில்லை. வழியை விரித்துவைக்க, மாதிரி எடுக்கும்போது பயன்படுத்திய அதே வகைக் கருவியை வைக்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவியதும் மாறிய செல்கள் உள்ள இடம் வெண்மையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் மட்டும் அங்கிருந்து அரிசி அளவு திசுவை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள்.

எல்லா நாட்டிலும் கணக்கு ஒன்றல்ல. அமெரிக்க வழிகாட்டுதலில் வைரஸின் வகையும் பார்க்கப்படுகிறது: 16 அல்லது 18 என்றால் செல்கள் மாறாமல் இருந்தாலும் முதல் முறையே கால்போஸ்கோபி. மற்ற வகைகளுக்கு ஓர் ஆண்டு கழித்துப் பரிசோதனை. அப்போதும் வைரஸ் இருந்தால் கால்போஸ்கோபி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், வைரஸ் இருந்து அடுத்தகட்டப் பரிசோதனையில் கோளாறு இல்லாத பெண்களுக்கு 24 மாதம் கழித்து மறுபரிசோதனை என்கிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 12 மாதம். தமிழ்நாட்டில் தனியார் ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொண்டவர், அறிக்கையில் 16, 18 தனியே குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. அங்கே அழைப்புக் கடிதம் தானாக வருமென்று நம்பியிருக்கவும் முடியாது. தேதியை அவரே குறித்துவைக்க வேண்டும்.

வைரஸை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளதை நீக்காது. புகைபிடிப்பவர்களிடம் வைரஸ் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் நிறுத்துவது பயன் தரும். இந்த முடிவை வைத்துக் கணவன்மீதோ மனைவிமீதோ சந்தேகப்பட இடமே இல்லை. வைரஸ் பல ஆண்டுகள் அடங்கியிருந்து பிறகு பரிசோதனையில் தெரியவரலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. ‘வைரஸ் இல்லை’ என்று பிறகு வரும் முடிவுக்கும் கண்டறியும் அளவில் இல்லை என்றே பொருள். அதனால்தான் அதற்குப் பிறகும் வழக்கமான பரிசோதனை தொடர்கிறது.

மறுபரிசோதனைக்கான காத்திருப்பு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு மட்டுமே. உடலுறவுக்குப் பின் ரத்தம் படுவது, இரு மாதவிலக்குக்கு இடையே கசிவு, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால், முந்தைய முடிவு என்னவாக இருந்தாலும், தேதிக்குக் காத்திராமல் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.