அதே பள்ளி, ஏழு ஆண்டுகள்: பணம் கற்றுத் தந்ததா?

1993 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கல்காஸ்கா என்ற சிற்றூரின் பள்ளிகள் பூட்டப்பட்டன. கல்வியாண்டு முடிய இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தது. கையில் பணம் இல்லை. அங்கே பள்ளிகள் உள்ளூர் சொத்து வரியை நம்பியே நடந்தன. வசதியான ஊருக்கு வசதியான பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி. மறு ஆண்டு ‘புரொபோசல் ஏ’ என்ற திட்டத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆனது. பள்ளிச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசு ஏற்றது. குறைவாகச் செலவழித்த பள்ளிகளுக்கே அதிக உயர்வு கிடைத்தது.

பணம் கூடியதால் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்களா?

இதற்கு விடை தேடுவது எளிதாகத் தோன்றும். அதிகம் செலவழிக்கும் பள்ளியையும் குறைவாகச் செலவழிக்கும் பள்ளியையும் ஒப்பிட்டால் போதாதா? போதாது. பணக்கார ஊர்ப் பிள்ளைக்குப் படித்த பெற்றோரும் வீட்டில் புத்தகமும் டியூஷனும் இருக்கும். தேர்ச்சி விகிதம் உயர்ந்தது பள்ளிச் செலவாலா, இவற்றாலா என்று அந்த ஒப்பீடு சொல்லாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் பள்ளி ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டுகளில் முறையே 4, 5, 6 ஆயிரம் டாலர் செலவழிக்கிறது. தேர்ச்சி விகிதம் 40, 42, 44. இரண்டாவது பள்ளி மூன்று ஆண்டுகளும் 8 ஆயிரம் செலவழிக்கிறது. தேர்ச்சி 72-லேயே நிற்கிறது. பள்ளிகளின் சராசரிகளை ஒப்பிட்டால் செலவு 3 ஆயிரம் கூட, தேர்ச்சி 30 புள்ளி கூடுகிறது. அதாவது ஆயிரம் டாலருக்கு 10 புள்ளி. ஆனால் முதல் பள்ளியை அதன் முந்தைய ஆண்டுகளோடு மட்டும் ஒப்பிட்டால் ஆயிரம் டாலருக்கு 2 புள்ளிதான். இரண்டாவது பள்ளி அசையாமல் நின்றது முக்கியம்: வினாத்தாள் எளிதாகி எல்லோரும் உயர்ந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒவ்வொரு பள்ளியையும் அதன் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கும் முறைக்கு ‘நிலையான விளைவு’, அதாவது ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் என்று பெயர். ஊரின் வசதி, பெற்றோரின் படிப்பு என ஆண்டுக்கு ஆண்டு மாறாதவை எல்லாம் சராசரியைக் கழிக்கும்போதே கழிந்துவிடும். அவற்றை அளந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. இந்த முறையின் பலம் அதுதான்.

‘தற்செயல் விளைவு’, அதாவது ரேண்டம் எஃபெக்ட்ஸ், சராசரியை முழுதாகக் கழிக்காது. ஒரு பங்கைத்தான் கழிக்கும். நம் கணக்கில் 60 சதவீதம் கழித்தால் விடை சுமார் 6.2 புள்ளி. 90 சதவீதம் கழித்தால் 2.5. எவ்வளவு கழிப்பது என்பதைத் தரவே தீர்மானிக்கும். ஆண்டுகள் கூடக் கூட, பள்ளிகளுக்கிடையே வேறுபாடு பெரிதாகப் பெரிதாக, அந்தப் பங்கும் கூடும். ஆக, இம்முறை தரும் விடை 2-க்கும் 10-க்கும் நடுவே எங்கோ நிற்கும் கலவை.

இந்தக் கலவை எப்போதும் தவறல்ல. பள்ளியின் கண்ணுக்குத் தெரியாத குணத்துக்கும் அதன் செலவுக்கும் தொடர்பே இல்லையென்றால், இரண்டு ஒப்பீடுகளும் ஒரே உண்மையைச் சொல்லும். கலந்தால் விடை இன்னும் துல்லியமாகும். மிச்சிகனில் சொத்து வரிதான் செலவை நிர்ணயித்தது. அங்கே தொடர்பில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜெர்ரி ஹவுஸ்மன் 1978-இல் தந்த சோதனை இதைத்தான் பார்க்கிறது. இரு முறைகளிலும் கணக்கிட வேண்டும். விடைகள் தற்செயலாக விலகக்கூடிய அளவைத் தாண்டி விலகினால் தற்செயல் விளைவை நம்பக் கூடாது. அதே ஆண்டு யாயிர் முண்ட்லாக் இன்னொரு வழி காட்டினார். ஆண்டுச் செலவோடு, பள்ளியின் சராசரிச் செலவையும் தனிப் பத்தியாகச் சேர்த்துத் தற்செயல் விளைவைக் கணக்கிடலாம். நம் கணக்கில் ஆண்டுச் செலவுக்கு 2, சராசரிக்கு 8 என்று பிரிந்து வரும். அந்த 8, பணத்தின் விளைவு அல்ல. பள்ளிகளுக்கிடையே ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வு.

நிலையான விளைவுக்கும் குறைகள் உண்டு. பள்ளி கிராமத்தில் இருப்பதால் என்ன ஆகிறது என்று கேட்டால் அது பதில் சொல்லாது. மாறாததையெல்லாம் அதுவே கழித்துவிட்டது. செலவு மாறாத பள்ளிகளே அதிகமென்றால் விடை தள்ளாடும். பணம் கூடிய அதே ஆண்டில் நல்ல தலைமையாசிரியர் வந்தால், அவரால் வந்த உயர்வும் பணத்தின் கணக்கில் ஏறும்.

மிச்சிகன் தரவை ஆராய்ந்தவர் பொருளாதார அறிஞர் லெஸ்லி பாப்கி. 1992 முதல் 1998 வரையான நான்காம் வகுப்புக் கணிதத் தேர்ச்சியை எடுத்துக்கொண்டு, பள்ளிகளின் மாறாத குணங்களை நீக்கி, புதிய மானிய விதியால் வந்த செலவு உயர்வைப் பயன்படுத்தினார். அவருடைய ஆய்வு 2005-இல் வெளியானது. செலவு கூடிய இடங்களில் தேர்ச்சி உண்மையாகவே உயர்ந்திருந்தது; தொடக்கத்தில் பின்தங்கியிருந்த பள்ளிகளில்தான் அந்த உயர்வு மிக அதிகம்.