குன்றிலிருந்து எறிந்த பந்து எங்கே விழும்?

செங்குத்தான ஒரு குன்றின் விளிம்பிலிருந்து பந்து ஒன்று மேல்நோக்கிச் சாய்வாக எறியப்படுகிறது. படத்தில் மூன்றே எண்கள்: குன்றின் உயரம் 40 மீட்டர், எறிந்த வேகம் நொடிக்கு 20 மீட்டர், எறிகோணம் 30 பாகை. குன்றின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் பந்து தரையைத் தொடும்?

மேல்நிலை வகுப்பு மாணவர் பலர் உடனே R = u² sin 2θ / g என்ற நெடுக்க வாய்பாட்டை எடுப்பார்கள். g-ஐ 10 என்று கொண்டால் 34.6 மீட்டர் வரும். அது தவறு. அந்த வாய்பாடு, எறிந்த மட்டத்திலேயே பந்து வந்து விழும்போது மட்டுமே பொருந்தும். 34.6 மீட்டர் தள்ளி இருக்கும்போது இந்தப் பந்து குன்றின் உச்சி மட்டத்துக்குத்தான் திரும்பியிருக்கும். தரை இன்னும் 40 மீட்டர் கீழே இருக்கும்.

ஆகவே படத்தில் முதலில் பார்க்க வேண்டியது, தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்பதை. அடுத்தது, கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்பதை. இங்கே அது கிடைக்கோட்டுக்கு மேலே 30 பாகை. செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்திருந்தால் சைனும் கொசைனும் இடம் மாறிவிடும்.

இனி வேகத்தை இரண்டாகப் பிரிக்கலாம். கிடைத்தளக் கூறு 20 cos 30° = 17.3; செங்குத்துக் கூறு 20 sin 30° = 10. எறிபொருளின் இயக்கத்தை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பதை கலிலியோ 1638-இல் வெளியான நூலில் விளக்கினார். பக்கவாட்டில் முடுக்கம் இல்லை. அங்கே தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம், அவ்வளவுதான். மேலும் கீழுமான இயக்கத்தில் மட்டுமே புவியீர்ப்பு வேலை செய்கிறது.

எந்தச் சமன்பாடு என்பதைத் தெரிந்தவையும் தேவைப்படுவதும் தீர்மானிக்கின்றன. இடப்பெயர்ச்சி, தொடக்க வேகம், முடுக்கம் மூன்றும் தெரியும், நேரம் வேண்டும். எனவே s = ut + ½at². மேல்திசையை நேர்க்குறி என்று வைத்தால், பந்து எறிந்த இடத்துக்குக் கீழே முடிவதால் s = −40; முடுக்கம் −10.

```
−40 = 10t − 5t²
t² − 2t − 8 = 0
t = 4 அல்லது −2
```

எறிந்த பிறகு நடப்பதைத்தான் கேட்கிறோம் என்பதால் நேரம் 4 நொடி. தூரம் 17.3 × 4, அதாவது சுமார் 69 மீட்டர்.

விட்டுவிட்ட −2-க்கும் ஒரு பொருள் உண்டு. அதே பந்தை அதே வேகத்தில் கிடைக்கோட்டுக்குக் கீழே 30 பாகையில் எறிந்தால், அது சரியாக 2 நொடியில் தரையைத் தொடும். உயரத்துக்கு +40 என்று குறி தவறிப் போட்டாலோ, சமன்பாட்டுக்கு மெய்யான தீர்வே கிடைக்காது. பந்து உச்சியைவிட 5 மீட்டர்தான் மேலே போகும் என்பதால், 40 மீட்டரை அது எட்டவே முடியாது.

இத்தனையும் காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாமல் வந்தவை. உண்மையான குன்றில், காற்று அசையாத நாளில் எறியும் பந்து 69 மீட்டருக்குச் சற்று முன்பே விழும்.