கொட்டேஷனில் 12 யூனிட், மாடியில் 8 யூனிட்

சோலார் போட்ட பல வீடுகளில், முதல் இரண்டு மூன்று மின் கட்டணங்கள் வந்ததும் ஒரு சந்தேகம் எழுகிறது. சொன்ன அளவு கரண்ட் வருகிறதா? நிறுவனத்துக்குப் போன் செய்தால், "வெயில் குறைவு சார்", "பேனலைத் துடையுங்கள்", "போகப் போகச் சரியாகிவிடும்" என்று பதில் வரும். வாய்ப்பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. கையில் இருக்கும் வலுவான ஆவணத்தை, அதாவது அவர்களே கையெழுத்திட்டுத் தந்த கொட்டேஷனை, முன்வைத்து ஒரு கடிதம் எழுதினால் பேச்சின் போக்கு மாறும். ஆனால் எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதில் அந்தக் கடிதம் தவறக் கூடாது. அங்கே தவறினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் ஒரே வரியில் நம்மை மடக்கிவிடுவார்கள்.

திருச்சியில் ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்பு. மானியமாக 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. 540 வாட் பேனல்கள் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. 2024 நவம்பர் தேதியிட்ட கொட்டேஷனில் மூன்று வரிகள் முக்கியமானவை. "சராசரி உற்பத்தி: நாளொன்றுக்கு 12 யூனிட்." "இன்வெர்ட்டர் முதல் மீட்டர் வரை: 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள்." "ஐந்தாண்டு பராமரிப்பு இலவசம்." 2025 ஜனவரியில் அமைப்பு ஓடத் தொடங்கியது.

12 யூனிட் என்பது ஆசை காட்டுவதற்காகப் போட்ட எண் இல்லை. தமிழ்நாட்டில் நிழல் விழாத மொட்டைமாடியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட்டை ஒட்டித் தரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது குறையும்; பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சராசரியைத் தாண்டும். ஆகவே இந்த வீட்டில் அந்த மூன்று மாதங்களில் 12 யூனிட்டுக்கு மேலேயே வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் முதலில் நெட் மீட்டரைப் பார்த்தார். மூன்று மாதத்தில் மின்வாரியத்துக்குப் போனது 400 யூனிட் என்று அது காட்டியது. 89 நாளுக்கு 1,068 வர வேண்டிய இடத்தில் 400 தானா என்று கேட்டார். சோலார்காரர் சிரித்துக்கொண்டே, "சார், அது நீங்க வெளியே அனுப்பினது. பகல்ல வீட்டிலேயே செலவானதை நெட் மீட்டர் காட்டாது" என்றார். அது உண்மைதான். இன்வெர்ட்டரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் வீட்டில் ஓடும் ஃப்ரிட்ஜ், மோட்டார், மின்விசிறிக்குப் போகும். மிஞ்சியது மட்டுமே மீட்டரைக் கடந்து வெளியே போகும். கொட்டேஷன் பேசுவது மொத்த உற்பத்தியைப் பற்றி. அதை இன்வெர்ட்டரின் திரையிலோ, அதனோடு இணைந்த செல்போன் செயலியிலோ, தனியாக உற்பத்தி மீட்டர் வைத்திருந்தால் அதிலோதான் பார்க்க வேண்டும்.

அங்கே பார்த்தபோது மூன்று மாத உற்பத்தி 712 யூனிட். நாளுக்குச் சரியாக 8. ஆண்டின் நல்ல வெயில் மாதங்களிலேயே, சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்த எண்ணை யாரும் மறுக்க முடியாது. அவர்கள் மாட்டிய கருவியே சொன்ன எண் அது.

அடுத்து, ஏன் குறைகிறது என்று பார்க்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் வேலைதான். ஆனாலும் தடயத்தை நாம் காட்டினால் "வெயில் இல்லை" என்ற பதிலுக்கு இடமிருக்காது. இதற்குச் செயலியில் உள்ள அன்றாட வரைபடம் போதும். மேகமில்லாத நாளில் அந்தக் கோடு காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் மெல்ல இறங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் கோடு தாழ்ந்தால் நிழல் விழுகிறது என்று பொருள்: தண்ணீர்த் தொட்டியோ, மாடிப்படி அறையோ, பக்கத்து வீட்டுத் தென்னையோ. கோட்டின் வடிவம் சரியாக இருந்து, நாள் முழுக்க உயரம் மட்டும் குறைந்திருந்தால் தூசு, பேனல் கோளாறு, அல்லது சொன்னதைவிடக் குறைந்த வாட் பேனல் என்று சந்தேகிக்கலாம்.

இந்த வீட்டில் கோடு வேறு மாதிரி இருந்தது. காலை பத்தரை வரை ஒழுங்காக ஏறியது. பிறகு இரண்டரை மணி வரை பல் உடைந்த சீப்பைப்போல அடிக்கடி சுழியத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தது. வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் இன்வெர்ட்டர் தானாகவே நின்று நின்று ஓடியிருக்கிறது. அதன் பிழைப் பட்டியலில் அந்த நேரங்களுக்கு நேராக `Grid Overvoltage` என்று பதிவாகியிருந்தது.

இதன் பின்னணி இது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமென்றால், அதன் முனையில் வோல்டேஜ் மீட்டரில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இடையிலுள்ள கேபிள் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்தக் கூடுதல் அளவு பெரிதாகும். 230 வோல்ட்டைவிடப் பத்து விழுக்காடு, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சில நிமிடம் காத்திருந்து மீண்டும் இணையும். வோல்டேஜ் ஏறியதும் மறுபடி துண்டித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் இருக்கும் வீடுகளிலும், பக்கத்து வீடுகளும் சோலார் வைத்திருக்கும் தெருக்களிலும் நண்பகலில் இது அதிகம் நடக்கும்.

ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு, நண்பகலில் இன்வெர்ட்டர் 2.6 கிலோவாட் தந்துகொண்டிருந்தபோது இரண்டு இடத்தில் வோல்டேஜ் பார்த்தார்கள். மீட்டரில் 247, இன்வெர்ட்டரில் 252. இடையில் 30 மீட்டர் கேபிள், 5 வோல்ட் வித்தியாசம். கேபிளின் மேலுறையில் அச்சாகியிருந்த அளவைப் படித்ததும் காரணம் விளங்கிவிட்டது: 2.5 சதுர மில்லிமீட்டர். கொட்டேஷனில் எழுதியிருந்த 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டிருந்தால் அந்த வித்தியாசம் 2 வோல்ட்டாகத்தான் இருந்திருக்கும்; இன்வெர்ட்டர் 249-இல் நிம்மதியாக ஓடியிருக்கும்.

இந்த இரண்டு அளவீடுகளும் பொறுப்பைப் பிரித்துக் காட்டுகின்றன. மீட்டரிலேயே 253-ஐத் தாண்டியிருந்தால் அது மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்ய வேண்டிய விஷயம். மீட்டரில் வரம்புக்குள் இருந்து இன்வெர்ட்டரில் மட்டும் தாண்டினால் அது கேபிள் போட்டவரின் பொறுப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் நிறுவனம் வாரியத்தைக் கைகாட்டும், வாரியம் நிறுவனத்தைக் கைகாட்டும்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு கடிதம் எழுதுவது எளிது. அது இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனம் 2024 நவம்பரில் அளித்த கொட்டேஷனின்படி (நகல் இணைப்பு 1) என் வீட்டில் 3 கிலோவாட் சோலார் அமைப்பு நிறுவப்பட்டு, 2025 ஜனவரி முதல் இயங்குகிறது. முழுத் தொகையும் செலுத்திவிட்டேன்.

கொட்டேஷனில் சராசரி உற்பத்தி நாளொன்றுக்கு 12 யூனிட் எனக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரையிலான 89 நாள்களில் வர வேண்டியது 1,068 யூனிட். இன்வெர்ட்டர் பதிவின்படி வந்தது 712 யூனிட் (இணைப்பு 2). பற்றாக்குறை 356 யூனிட். இவை வெயில் மிகுந்த மாதங்கள்; பேனல்களின் மீது நிழல் விழவில்லை.

நண்பகலில் இன்வெர்ட்டர் பலமுறை நின்றுபோவதை வரைபடங்களும் பிழைப் பட்டியலும் காட்டுகின்றன (இணைப்பு 3). கொட்டேஷனில் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் எனக் குறிப்பிட்டிருக்க, போடப்பட்டிருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் (புகைப்படம், இணைப்பு 4). மீட்டரில் 247 வோல்ட் இருக்கும்போது இன்வெர்ட்டரில் 252 வோல்ட் இருக்கிறது.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் நேரில் வந்து சோதித்து, கொட்டேஷனில் உள்ளபடி கேபிளை உங்கள் செலவில் மாற்றித் தரவும். இன்வெர்ட்டரின் வோல்டேஜ் வரம்பை உயர்த்துவதை நான் ஏற்கவில்லை. மாற்றிய பின் 30 நாள் உற்பத்தியை இருவரும் சேர்ந்து பதிவுசெய்வோம். இதுவரை ஏற்பட்ட 356 யூனிட் இழப்பை ஈடுசெய்வது பற்றியும் எழுத்தில் பதில் தரவும்."

இதில் வசை இல்லை, மிரட்டல் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் இணைப்பு இருக்கிறது. வோல்டேஜ் வரம்பைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேபிள் மாற்றும் செலவைத் தவிர்க்க, இன்வெர்ட்டரின் அமைப்புக்குள் போய் வரம்பை 253-க்கு மேல் ஏற்றிவிடும் வழக்கம் உண்டு. உற்பத்தி கூடிவிடும், ஆனால் அந்த உயர் வோல்டேஜ் வீட்டுச் சாதனங்களின் ஆயுளைத் தின்றுவிடும்.

கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதே நகலை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கொட்டேஷனில் யூனிட் கணக்கே இல்லையென்றால் விற்கும்போது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்காரரும் நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அரசு தந்த மாதிரி ஒப்பந்தத்தில், அமைப்பு ஓடத் தொடங்கும்போது அதன் செயல்திறன் விகிதம் 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதியும், ஐந்தாண்டுப் பொறுப்பும் இருக்கின்றன. பேனலின் வாட் கணக்கும் விழும் வெயிலின் அளவும் சேர்ந்து எவ்வளவு தந்திருக்க வேண்டுமோ, அதில் முக்கால் பங்காவது உண்மையில் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

"சராசரி 12 என்றுதானே சொன்னோம், ஓர் ஆண்டு முடியட்டும்" என்று பதில் வரலாம். பாதி நியாயமுள்ள பதில் இது. டிசம்பரில் மட்டும் பார்த்துவிட்டுப் புகார் செய்தால் இந்தப் பதில் நம்மை வீழ்த்திவிடும். நல்ல மாதங்களிலேயே குறைந்தால், மழை மாதங்கள் சேரும்போது சராசரி இன்னும் இறங்கத்தான் செய்யும். "நாளொன்றுக்கு 12 யூனிட் வரை" என்று எழுதியிருந்தால் அந்த "வரை" நமக்கு எதிராகத் திரும்பும். புதிதாகக் கொட்டேஷன் வாங்குவோர், ஆண்டு மொத்த யூனிட்டை உறுதியான எண்ணாக எழுதித் தரச் சொல்லி, கேபிள் அளவையும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறோம்" என்ற போன் பேச்சிலேயே அந்த இரண்டு ஆண்டும் கரைந்துவிடலாம். ஆகவே மூன்று மாத உற்பத்திக் கணக்கு கைக்கு வந்ததும், பேச்சை நிறுத்திவிட்டுக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.